கல்யாண பிளவுஸை உள்புறம் புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்குக் கல்யாணம். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் கூரைப்புடவை பிளவுஸ் எங்கள் கைக்கு வந்தது. போட்டுப் பார்த்தாள். பின்பக்கக் கொக்கி ஐந்தில் கீழே இருந்த இரண்டுதான் மாட்டியது. மாலை மாற்றுவதுபோல் கையைத் தூக்கச் சொன்னேன். தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள்.

தைத்துக் கொடுத்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை. ஆரி வேலைக்கும் தையலுக்கும் சேர்த்து 680 வெள்ளி, பணம் முழுவதையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். கையில் கொடுத்த ரசீதில் "பிளவுஸ் 1" என்று மட்டும்தான் இருந்தது. கடைப் பெயரை இங்கே போடவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்தால், எந்தக் கடைக்குப் போனாலும் தப்பை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அளவெடுத்த அன்றே தப்பு தொடங்கிவிட்டது. தங்கை பஞ்சாபி சூட்டோடு போயிருந்தாள். கடைப் பெண்மணி அதன் மேலேயே டேப்பைச் சுற்றினார். "அக்கா, சட்டைக்கு மேலே எடுத்தால் சரியா வருமா?" என்று கேட்டேன். "அளவு பிளவுஸ் கொண்டு வந்திருக்கீங்கள்ல, அதை வச்சுப் பாத்துக்கிறேம்மா" என்றார். கொண்டுபோனது அவள் ஆபீசுக்குப் போடும் பழைய காட்டன் பிளவுஸ். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, இழுத்தால் கொஞ்சம் நெகிழும். பட்டுத்துணி அப்படி இல்லை. உள்ளே லைனிங், மேலே மணியும் ஜரிகையும் சேர்ந்துவிட்டால் ஒரு நூல்கூட நெகிழாது. காட்டன் பிளவுஸ் 35 இஞ்சில் சரியாக இருந்தால், பட்டில் அதே 35 இறுக்கும்.

நாங்கள் வீட்டில் அளந்தது இது. கல்யாணத்தன்று போடப்போகும் உள்ளாடையோடு அவளுடைய மார்புச் சுற்றளவு 35½ இஞ்ச். கொக்கி மாட்டிய பிளவுஸ் குறைந்தது 36½ இருக்க வேண்டும். வந்ததோ 34½. கையின் மேல்பகுதி 12 இஞ்ச், பிளவுஸ் கை 11½.

அளவு தவறுவது எல்லாக் கடையிலும் நடக்கக்கூடியது. அதற்காகத்தான் உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள். நம் அம்மாக்களின் பழைய பிளவுஸைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்தில் இரண்டு மூன்று வரிசைத் தையல் இருக்கும், அதற்கு அப்பால் ஒரு இஞ்ச் துணி சும்மா நிற்கும். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். பக்கத் தையலை அரை இஞ்ச் வெளியே தள்ளினால் முன்துண்டில் அரை, பின்துண்டில் அரை கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் இரண்டு இஞ்ச். எங்களுக்குப் பற்றாமல் போனதும் சரியாக அந்த இரண்டு இஞ்ச்தான்.

சரி, பிரித்துக்கொள்ளலாம் என்று நம்பிக்கையோடு புரட்டினேன். தையலுக்கு அப்பால் கால் இஞ்ச்கூட இல்லை. துணியையும் லைனிங்கையும் ஒட்ட நறுக்கி, வெள்ளை நூலில் ஓவர்லாக் அடித்து முடித்திருந்தார்கள். உள்புறம் பார்க்கப் பளிச்சென்று, ரெடிமேட் சட்டைபோல் அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். நறுக்கிய துணி திரும்ப வராது.

கைத் துண்டு இன்னும் மோசம். ஆரி வேலையைத் தைப்பதற்கு முன்பே, துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்தும் கையும் வரைந்துகொண்டு செய்வார்கள். அப்படி வரையும்போது கைத் துண்டின் இரண்டு ஓரத்திலும் ஒரு இஞ்ச் வேலை இல்லாமல் விட வேண்டும். அது அக்குளுக்கு அடியில் போகிற இடம், யார் கண்ணிலும் படாது. இவர்கள் தையல் வரைக்கும் மணி கோத்திருந்தார்கள். அதனால் அக்குளில் மணி உறுத்தி, அரை மணி நேரத்தில் தோல் சிவந்துவிட்டது.

கடைக்கு போன் செய்தேன். "கல்யாணப் பொண்ணு வெயிட் போட்டிருப்பாம்மா" என்றார். மீதித் துணியாவது கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டாகிவிட்டதாம். புடவையோடு வந்த பிளவுஸ் துணி நம் காசு. மிஞ்சிய துண்டு விரல் அகலமாக இருந்தாலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது செந்தூலில் வீட்டில் வைத்துத் தைக்கும் ஒரு பாட்டி. சனிக்கிழமை காலையில் போனோம். பிளவுஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புடவையைக் கொண்டா கண்ணு" என்றார். புடவையும் பிளவுஸும் ஒரே அரக்கு நிறம், அது எங்கள் அதிர்ஷ்டம். இடுப்பில் முதலில் செருகும் உள்முனையில் இரண்டரை இஞ்ச் அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டினார். அதை இரண்டாக்கி, பிளவுஸின் அடி விளிம்பிலிருந்து அக்குள் வழியாகக் கையின் விளிம்பு வரைக்கும் ஒரே நீளமாக வைத்துத் தைத்தார். ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் கூடியது. உடம்பு 36½, கை 12½. உடம்பை மட்டும் பெரிதாக்கிக் கையை விட்டுவிட்டால் கைக்குழியும் கையும் பொருந்தாது, இரண்டையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும் என்றார்.

தையல் போகிற பாதையில் இருந்த மணிகளைச் சின்னக் குறடால் ஒவ்வொன்றாக நசுக்கி எடுத்தார். நூலை அறுக்கவில்லை. ஆரி சங்கிலித் தையல், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். வேறு வழியில்லாமல் அறுத்த இரண்டு இடத்தில் முதலில் பின்புறம் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கத்தரி வைத்தார். நாலு மணி நேர வேலை. எவ்வளவு சொல்லியும் 60 வெள்ளிக்கு மேல் வாங்கவில்லை.

அளவு கொடுக்கப் போகும்போது அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையோடு, மெல்லிய சட்டையில் போங்கள். எடுத்த அளவு, உள்ளே விடும் துணி ஒரு இஞ்ச், இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் ஆரி வரைவதற்கு முன்பே மலிவான காட்டனில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். 30, 40 வெள்ளி கூடுதலாகும், ஆகட்டும். அதைப் போட்டுக்கொண்டு மாலை போடுவதுபோல் இரண்டு கையையும் தூக்க வேண்டும், மணவறையில் உட்காருவதுபோல் சம்மணம் போட வேண்டும், காலில் விழுவதுபோல் குனிய வேண்டும். கண்ணாடி முன்னால் நேராக நின்றால் எந்தப் பிளவுஸும் சரியாகத்தான் இருக்கும். அப்புறம், தைத்து முடித்ததைக் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். பாக்கிப் பணம் கொஞ்சமாவது கையில் இருக்கட்டும்.

கடை 50 வெள்ளி திருப்பித் தருவதாகச் சொன்னது. நான் வாங்கவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் வேண்டாம். ஓவர்லாக் அடித்த ஓரத்தின் மேல் டேப்பை வைத்து, பாட்டி பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் பாரம் நிரப்புகிறேன்.