சிக்னலில் வரிசை எவ்வளவு நீளம்: ஒரே வீடியோவை அளக்க மூன்று வழிகள்

நாற்சந்தியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஆடாமல் நிற்கும் கேமரா, அதிலிருந்து ஒரு மணி நேர வீடியோ. ஒரு பக்கச் சாலையின் நிறுத்தக்கோடும் அதற்குப் பின்னால் சுமார் நூறு மீட்டரும் படத்தில் விழுகின்றன. தெரிய வேண்டியது, சிக்னல் ஒரு முழுச் சுற்று வர எத்தனை நொடி ஆகிறது, சிவப்பில் வரிசை எதுவரை சேர்கிறது, அடுத்த பச்சையில் அது தீர்கிறதா இல்லையா, அவ்வளவுதான். இதைக் கண்ணாலேயே எண்ணலாம், வீடியோவிலிருந்து ஒற்றைக் கோட்டை மட்டும் உருவிக் கீற்றுப் படமாக்கிப் படிக்கலாம், அல்லது வண்டிகளைக் கண்டுபிடிக்கும் யோலோ மாதிரியான கணினி மாடல் ஒன்றை ஓடவிட்டு அதனிடம் எண்ணச் சொல்லலாம். எல்லாரும் முதலில் மூன்றாவதற்குத்தான் ஓடுகிறார்கள். நம் ஊர்ச் சாலைக்கு அந்த முன்னுரிமை தலைகீழ் என்பது என் கட்சி.

எந்த வழியானாலும் முதலில் வீடியோவின் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். கோப்பு நொடிக்கு 25 ஃபிரேம் என்று சொல்லும், ஆனால் கேமராப் படத்தைப் பதியும் டி.வி.ஆர். பெட்டி இடையிடையே ஃபிரேமை விழுங்கி உண்மையில் 24தான் எழுதியிருக்கும். அப்போது 120 நொடிச் சுற்றில் 2880 ஃபிரேம்தான் இருக்கும், அதை 25ஆல் வகுத்தால் 115.2 நொடி என்று வரும், நீங்களும் அதை நம்பி எழுதிவிடுவீர்கள். படத்தின் மூலையில் ஓடும் நேரத்தை முதல் ஃபிரேமிலும் கடைசி ஃபிரேமிலும் படித்து, அந்த இடைவெளியால் மொத்த ஃபிரேமை வகுத்தால் உண்மையான வேகம் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

சரி, கண்ணால் எண்ணும் வழி. mpv பிளேயரில் `.` அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், `,` அழுத்தினால் பின்னே வரும், பக்கத்தில் ஒரு எக்ஸெல் தாள், இது போதும். வேலை மெதுவானது, முதுகு வலிக்கும். ஆனால் ஏன் இந்தச் சுற்றில் மட்டும் பச்சை நீண்டது என்றால் போக்குவரத்துக் காவலர் கையால் மாற்றியிருக்கிறார், ஏன் வரிசை நகரவில்லை என்றால் சந்திப்புக்கு அப்பால் ஒரு பஸ் ஆளேற்றிக்கொண்டு நிற்கிறது, இதையெல்லாம் இந்த வழியில் மட்டும்தான் நேரடியாகப் பார்க்க முடியும்.

இதில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பச்சை விழும் கணத்தில் படத்தை நிறுத்தி, நிற்கும் வண்டிகளை எண்ணி, அதுதான் வரிசை என்று எழுதிவிடுகிறார்கள். பச்சை விழுந்தாலும் பின்னால் நிற்பவனுக்கு வழி பிறக்கவில்லையே. முன்னால் இருப்பவன் கிளம்பி, அவன் பின்னால் இருப்பவன் கிளம்பி, அந்த அசைவு ஓர் அலை மாதிரி பின்னோக்கிப் போகிறது. அது வாலைத் தொடும்வரை வாலில் புது வண்டிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலையின் அகலம் 7 மீட்டர், சுற்று 120 நொடி, அதில் பயன்படும் பச்சை 30 நொடி என்று வைத்துக்கொள்வோம். நிற்கிற வரிசை பச்சையில் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதற்கு சிக்னல் ஆராய்ச்சியாளர் வெப்ஸ்டர் காலத்திலிருந்து வரும் தோராயச் சூத்திரம், மீட்டரில் அகலம் பெருக்கல் 525. அப்படியென்றால் பச்சையாகவே இருந்தால் மணிக்கு 3675, அதாவது நொடிக்கு 1.02 கார். இங்கே கார் என்பது பி.சி.யு. கணக்கு, பைக்கையும் பஸ்ஸையும் காராக மாற்றிச் சொல்வது. வரத்து மணிக்கு 840 என்றால் நொடிக்கு 0.233. சிவப்பு 90 நொடியில் சேர்வது 21. பச்சையில் 1.02 போகப் போக 0.233 வந்துகொண்டே இருப்பதால் 21ஐத் தீர்க்க 21 நொடி போதாது, கிட்டத்தட்ட 27 நொடி ஆகும். அதற்குள் இன்னும் 6 சேர்ந்திருக்கும், ஆக வரிசையில் மாட்டியது 27. பச்சை விழும்போது எண்ணியவர் 21 என்று எழுதியிருப்பார். கிட்டத்தட்ட கால்வாசி குறைவு, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கமாகக் குறைவு. சராசரி எடுத்தால் சரியாகிவிடும் வகைத் தப்பு இல்லை இது.

இந்த வால் விஷயத்தில்தான் கீற்றுப் படம் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. நிறுத்தக்கோட்டிலிருந்து பின்னோக்கிச் சாலையோடு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தக் கோட்டின் மேல் விழும் புள்ளிகளை மட்டும் எடுத்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தி வையுங்கள். குறுக்கே நேரம், நெடுக்கே தூரம் என்று ஒரே படம் கிடைக்கும்.

```python
import cv2, numpy as np
cap = cv2.VideoCapture("junction.mp4")
p = np.load("line.npy").astype(int)
cols, i = [], 0
while True:
    ok, f = cap.read()
    if not ok: break
    if i % 5 == 0:
        g = cv2.cvtColor(f, cv2.COLOR_BGR2GRAY)
        cols.append(g[p[:,1], p[:,0]])
    i += 1
cv2.imwrite("strip.png", np.array(cols).T)
```

`line.npy` கோப்பில் இருப்பது கோட்டின் புள்ளிகள், நிறுத்தக்கோட்டுப் பக்கம் கடைசியாக வரும்படி. அவற்றைப் படத்தில் சம இடைவெளியில் எடுக்கக் கூடாது, சாலையில் சம இடைவெளியில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரத்து வண்டிகள் நசுங்கிப்போய், வால் இருக்கும் இடமே வாசிக்க முடியாமல் ஆகும். அதற்காக ஒரு நாள் காலையில் டேப்போடு போய், படத்தில் தெரியும் நான்கு இடங்களுக்கு இடையே (கம்பம், ஜீப்ராக் கோடு, மேன்ஹோல் மூடி, எதுவானாலும்) தூரத்தை அளந்து வந்து, OpenCV-யின் `getPerspectiveTransform` கையில் கொடுத்துவிட்டால் அது மாற்றும் அணியைக் கொடுக்கும், அதை வைத்து `perspectiveTransform` புள்ளிகளை மாற்றிக் கொடுத்துவிடும்.

இந்தப் படத்தில் ஓடும் வண்டி சாய்கோடு, நிற்கும் வண்டி படுக்கைக் கோடு. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு முக்கோணம் எழும்பும். அதன் இடது விளிம்பு வரிசை சேர்வது, வலது விளிம்பு வரிசை கரைவது, உச்சி இருக்கும் இடம் வால். நம் கணக்கில் 27 கார் இரண்டு வரிசையாக, காருக்கு 6 மீட்டர் வீதம் நின்றால் வால் சுமார் 80 மீட்டரில் இருக்கும். அசைவு அலை நொடிக்கு 5 மீட்டர் வீதம் பின்னோக்கிப் போனால் பச்சை விழுந்து 16ஆவது நொடியில் அது வாலைத் தொடும், அந்தக் கடைசி வண்டி மிச்சத் தூரத்தை ஓடி 27ஆவது நொடியில் நிறுத்தக்கோட்டைத் தாண்டும். இவ்வளவும் ஒரே படத்தில் அளவுகோல் வைத்துப் படிக்கலாம். சுற்று நேரமும் இதிலேயே கிடைக்கிறது: ஒரு முக்கோணத்தின் வலது அடிமூலையிலிருந்து அடுத்ததன் வலது அடிமூலை வரை. கவுன்ட்டவுன் 3 காட்டும்போதே பைக்குகள் கிளம்பிவிடுவதால் தனி ஒரு சுற்றில் ஓரிரு நொடி தள்ளும். இருபது சுற்றைச் சேர்த்து அளந்து இருபதால் வகுத்தால் அந்தப் பிசகு கரைந்துவிடும். ஆனால் வகுப்பதற்கு முன்னால் சுற்றுகள் எல்லாம் ஒரே அகலமா என்று பார்த்துவிடுங்கள், காவலர் கையில் எடுத்துக்கொண்ட நேரத்துக்குச் சராசரி என்பதற்கு அர்த்தம் கிடையாது.

இதிலும் தொல்லைகள் உண்டு. சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் படுக்கைக் கோடாகத்தான் விழும், ஆகவே பின்னணியைக் கழிக்க வேண்டும். பலர் ஒவ்வொரு புள்ளிக்கும் மீடியன் எடுத்துக் கழிப்பார்கள். நிறுத்தக்கோட்டுக்கு அருகில் இது கவிழ்ந்துவிடும், ஏனென்றால் 120 நொடியில் 90 நொடி அங்கே வண்டிதான் நிற்கிறது, மீடியன் என்று வருவது தார் நிறம் இல்லை, வண்டிகளின் நிறம். காலியாக இருக்கும் கணங்களைக் கையால் பொறுக்கி அவற்றிலிருந்துதான் பின்னணி எடுக்க வேண்டும். பச்சை விழுந்தும் அறாமல் நீளும் படுக்கைக் கோடு தென்பட்டால் அது ஓரத்தில் நிறுத்திய ஆட்டோ. இன்னொன்று, ஒற்றைக் கோடு என்பதால் அதற்கு இரு பக்கமும் நுழைந்து நிற்கும் பைக்குகள் விழாது. அதாவது கீற்று நீளத்தைச் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது.

எண்ணிக்கைக்குத்தான் மூன்றாவது வழி. அதை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. ஆனால் COCO படத்தொகுப்பில் பழகிய மாடல்களின் 80 வகைகளில் ஆட்டோ ரிக்‌ஷாவே கிடையாது, ஆகவே நம் ஆட்டோ ஒரு நேரம் கார் ஆகும், ஒரு நேரம் லாரி ஆகும், சில நேரம் காணாமலே போகும். ஐ.ஐ.ஐ.டி. ஹைதராபாத் பங்கெடுத்து உருவாக்கிய இந்தியச் சாலைப் படத்தொகுப்பில் ஆட்டோ தனி வகையாக இருக்கிறது, அதை வைத்து மறுபடி பழக்கினால் இந்தத் தொல்லை குறையும். மறைப்புத் தொல்லை மட்டும் குறையாது. பஸ்ஸுக்குப் பின்னால் நான்கு பைக் நின்றால் கேமராவுக்கே தெரியாதபோது மாடல் என்ன செய்யும்? வரிசை நெருக்கமாக ஆக ஆக எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும், எங்கே சரியாக வேண்டுமோ அங்கேதான் மோசமாகத் தவறும். வரிசையை எண்ணச் சொல்லாதீர்கள். நிறுத்தக்கோட்டைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அங்கே வண்டிகள் கேமராவுக்குப் பக்கம், நகர்கின்றன, இடைவெளியும் விடுகின்றன. கண்ணால் எண்ணிய அரை மணி நேரத்தோடு வகைவாரியாக ஒப்பிடுங்கள், மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் காணாமல்போன பைக்கும் இரண்டு முறை எண்ணப்பட்ட காரும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

ஆக ஒரு மணி நேர வீடியோ என்றால் நான் மாடல் பக்கமே போகமாட்டேன்: கீற்றுப் படம், கூட நிறுத்தக்கோட்டில் கண்ணால் எண்ணியது, முடிந்தது. ஒரு வாரம், பத்து நாள் வீடியோ என்றால்தான் மாடலைப் பழக்கும் உழைப்புக்குக் கூலி கிடைக்கும்.

வால் படத்துக்கு வெளியே போய்விட்டால்? உச்சி வெட்டுப்பட்ட முக்கோணங்கள் வரும், வரிசை நீளத்தை வரைபடமாகப் போட்டால் மேலே தட்டையாக ஒரே அளவில் நிற்கும். அந்தத் தட்டையைப் பார்த்து “வரிசை நிலையாக இருக்கிறது” என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன், நிலையாக இருந்தது கேமராவின் பார்வைதான். அப்போது வாலைத் தேடாமல் நிறுத்தக்கோட்டைப் பாருங்கள். பச்சையில் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்த வண்டிகள் எந்த நொடியில் இடைவெளி விட ஆரம்பிக்கின்றன என்று குறித்து, அதுவரை தாண்டியவற்றை எண்ணினால் அதுதான் வரிசையில் மாட்டியவர்களின் எண்ணிக்கை. மேலே போட்ட கணக்கில் அந்த 27ஆவது நொடி.

பச்சை முடியும்வரை இடைவெளியே வரவில்லை என்றால் இந்த வழியும் கைவிடும். அதே சாலையில் 30 நொடிப் பச்சைக்குப் போகக்கூடியது மணிக்கு சுமார் 919. வரத்து 960 ஆனால் ஒரு மணி நேரத்தில் 41 கார் மிச்சம் சேரும், நிறுத்தக்கோட்டில் எண்ணினாலோ அப்போதும் 919தான் வரும், ஒவ்வொரு பச்சையும் நிரம்பியே போகும். எத்தனை பேர் பின்னால் காத்திருக்கிறார்கள் என்பது இந்த வீடியோவில் இல்லவே இல்லை. வரிசை எட்டாத தூரத்தில், வண்டிகள் உள்ளே வரும் இடத்தில், இன்னொரு கேமரா வைத்து வந்ததையும் எண்ணியாக வேண்டும். அந்த இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான்.