சொட்டலோலா, அமியோடரோனா: மாமாவின் இதயத்துக்கு நாங்கள் தெரிந்தெடுத்தது

மாமாவுக்கு 64 வயது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். சில வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து தப்பியவர். பிறகு இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் விட்டு விட்டு வரத் தொடங்கியது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், நாடி ஒழுங்கில்லாமல் ஓடும், சில மணி நேரத்தில் தானாக அடங்கும். நாடியை மெதுவாக்கும் பீட்டா மறிப்பு மருந்தான பிசோப்ரோலோல் கொடுத்தும் நிற்கவில்லை. நான் வைத்தியர் என்பதால் வீட்டில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

துடிப்பை ஒழுங்காக்கும் மருந்துகளில் முதலாம் வகுப்பைச் சேர்ந்த ஃப்ளெக்கனைடு உடனேயே விலகிவிட்டது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது இறப்பு கூடியதை 1989இல் வெளிவந்த CAST ஆய்வு காட்டியது. மிஞ்சியவை மூன்றாம் வகுப்பில் இரண்டு: சொட்டலோல், அமியோடரோன். முதலில் சொட்டலோல் எடுத்தோம், பிறகு அமியோடரோனுக்கு மாறினோம். இன்று கேட்டால் மாமாவைப் போன்ற ஒருவருக்கு அமியோடரோன்தான் என்பேன்.

காரணம் இதயக் கலத்தின் மின்னோட்டத்தில் இருக்கிறது. ஓய்வில் கலத்தின் உட்பக்கம் சுமார் -90 மில்லிவோல்ட். பூச்சியக் கட்டத்தில் சோடியம் வாய்க்கால்கள் திறந்து மின்னழுத்தம் குபீரென்று ஏறும். ஈ.சி.ஜி.யில் அது கியூ.ஆர்.எஸ். முதலாம் கட்டம் ஒரு சிறு இறக்கம், அவ்வளவுதான். இரண்டாம் கட்டத்தில் உள்ளே வரும் கல்சியமும் வெளியே போகும் பொட்டாசியமும் ஏறக்குறையச் சமமாக நிற்க, கலம் மேட்டிலேயே இருக்கும். எஸ்.ரி. பகுதி அந்த நேரத்துக்குரியது. மூன்றாம் கட்டத்தில் கல்சியம் வாய்க்கால் மூடி, பொட்டாசியம் வேகமாக வெளியேறி, கலம் மீண்டும் ஓய்வுக்கு வரும். அதுதான் ரி அலை. கியூ.ஆர்.எஸ். தொடக்கத்திலிருந்து ரி அலை முடியும்வரை உள்ள தூரமே கியூ.ரி. இடைவெளி.

மூன்றாம் வகுப்பு மருந்துகள் மறிப்பது அந்தப் பொட்டாசிய வாய்க்காலை, முக்கியமாக IKr எனப்படுவதை. பொட்டாசியம் மெதுவாக வெளியேறினால் கலம் ஓய்வுக்கு வரப் பிந்தும். அதற்குள் சுற்றி வரும் தப்பான மின் அலை இன்னும் தயாராகாத கலத்தில் மோதி அணையும். இதுதான் நன்மை. ஆனால் மேட்டில் அளவுக்கு மிஞ்சி நின்றால், மூடிய கல்சியம் வாய்க்கால்கள் மறுபடி திறந்து, நேரத்துக்கு முந்திய துடிப்பு ஒன்றைக் கிளப்பிவிடும். அங்கிருந்து டோர்சாட் என்னும் உயிராபத்தான துடிப்புக்கு வெகுதூரமில்லை.

சொட்டலோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. நாடி மெதுவாகும்போது அது வாய்க்காலை இன்னும் பலமாக மறிக்கும். பீட்டா மறிப்பும் அதே மாத்திரையில் இருப்பதால் நாடியை மெதுவாக்குவதும் அதுவேதான்.

பிசோப்ரோலோலை நிறுத்தி, வேறோர் இடத்தில் சொட்டலோல் 80 மில்லிகிராம் காலை மாலை என்று தொடங்கினார்கள். தொடக்க ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது. நாடி 60, கியூ.ரி. ஈ.சி.ஜி. தாளில் பத்தரைச் சின்னக் கட்டம், அதாவது 420 மில்லிசெக்கன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0. நானும் பார்த்து, சரி என்றேன்.

மூன்றாம் மாதம் நல்ல வெயில். இரண்டு நாள் வயிற்றோட்டம். பிறஷருக்கு எடுக்கும், சிறுநீரோடு பொட்டாசியத்தையும் போக்கும் தயசைட் மாத்திரையையும் விடாமல் போட்டிருக்கிறார். “தலை சுத்தி வரம்பிலேயே இருந்திட்டன் தம்பி” என்று போனில் சொன்னார். போய் ஈ.சி.ஜி. எடுத்தேன். இரண்டு துடிப்புகளுக்கிடையே 30 சின்னக் கட்டம், 1.2 செக்கன், நாடி 50. கியூ.ரி. 14 கட்டம், 560 மில்லிசெக்கன். நாடிக்கேற்பத் திருத்தும் கணக்கு இது:

QTc = QT ÷ √RR = 560 ÷ √1.2 ≈ 511

500ஐத் தாண்டினால் ஆபத்து. இடைக்கிடை ஒரு துடிப்பு பிந்த, அதற்குப் பின்னால் ஒரு தப்புத் துடிப்பும் விழுந்துகொண்டிருந்தது. பொட்டாசியம் 2.9, கிரியாட்டினின் 1.6. வெளியே பொட்டாசியம் குறைந்தால் உள்ளே இருப்பது இன்னும் வேகமாக ஓடிவரும் என்றுதான் தோன்றும். IKr வாய்க்காலில் நடப்பது தலைகீழ். வெளியே பொட்டாசியம் குறையக் குறைய அந்த வாய்க்கால் தானே செயலடங்கும், மருந்தும் அதைக் கூடுதலாக மறிக்கும்.

நான் கவனிக்காமல் விட்டது சிறுநீரகம். சொட்டலோல் உடலில் சிதைவதில்லை, அப்படியே சிறுநீரில்தான் வெளியேறும். கிரியாட்டினின் 1.0 என்றதும் நாங்கள் நிம்மதியாகிவிட்டோம். ஆனால் மாமாவின் நிறை 50 கிலோதான். 140இலிருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, 72 தர கிரியாட்டினினால் வகுத்தால், சிறுநீரகம் வடிக்கும் அளவு தொடக்கத்திலேயே நிமிடத்துக்கு 53 மில்லிலீற்றர்தான் வருகிறது. 40க்கும் 60க்கும் இடையில் இருப்பவருக்குச் சொட்டலோல் நாளுக்கு ஒரு வேளைதான். வயிற்றோட்டத்துக்குப் பிறகு அதே கணக்கில் 33. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 40க்குக் கீழே இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது.

இது மாமாவின் கதை மட்டுமல்ல. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. வெயிலில் வேர்த்து வேலை செய்யும் மெலிந்த உடம்புகள் நிறைய. சொட்டலோலைக் காப்பாற்றி நடத்த வேண்டுமென்றால் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும், ஒவ்வொரு வயிற்றோட்டத்துக்கும் வாந்திக்கும் உடனே ஓடி வர வேண்டும். வயல் வேலை நேரத்தில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருந்து யார் வருவார்?

சொட்டலோலை நிறுத்தி, மக்னீசியமும் பொட்டாசியமும் கொடுத்து, கியூ.ரி. பழைய நிலைக்கு வரும்வரை ஈ.சி.ஜி. மொனிற்றரில் வைத்திருந்தோம். அதன் பிறகுதான் இதய நிபுணரின் முடிவுப்படி அமியோடரோன் தொடங்கியது. 200 மில்லிகிராம், முதல் வாரம் மூன்று வேளை, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று.

அமியோடரோனும் கியூ.ரி.யை நீட்டும். ஆனால் அது பொட்டாசிய வாய்க்காலோடு நிற்பதில்லை, சோடியத்தையும் கல்சியத்தையும் பீட்டாவையும் சேர்த்து மறிக்கிறது. மேட்டில் கலம் நீடித்தாலும், தப்புத் துடிப்பைக் கிளப்ப வேண்டிய கல்சியம் வாய்க்காலே தளர்ந்திருக்கும். இதயச் சுவரின் எல்லாப் பகுதியிலும் அந்த நீட்சி கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். அதனால் அமியோடரோனால் டோர்சாட் வருவது நூறில் ஒருவருக்கும் குறைவு. சிறுநீரகம் தளர்ந்தாலும் மருந்து தேங்காது, அது ஈரல் வழியாகவே போகிறது. பொட்டாசியம் குறையாமல் பார்ப்பது மட்டும் இதற்கும் வேண்டும்.

இதற்கும் பராமரிப்பு உண்டு, ஆனால் அது நாட்காட்டியில் குறித்து வைக்கக்கூடியது. 200 மில்லிகிராம் மாத்திரையில் 75 மில்லிகிராம் அயடீன் இருக்கிறது. எனவே ஆறு மாதத்துக்கொரு முறை தைரொயிட், ஈரல் பரிசோதனை. இரத்தம் கட்டியாகாமல் இருக்க மாமா வோபரினும் எடுப்பதால் முதல் மாதங்களில் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அடிக்கடி பார்த்து வோபரின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. தோல் வெயிலில் கருகும் என்பதால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் இல்லாமல் வயலுக்கு விடுவதில்லை. கெடுதி வந்தால் நிறுத்திய பிறகும் மருந்து உடம்பில் மாதக்கணக்கில் நிற்கும். இதுதான் என்னை உறுத்தும் குறை. சொட்டலோல், சிறுநீரகம் நன்றாக இருந்தால், ஓரிரண்டு நாளில் போய்விடும்.

அதனால் தைரொயிட் நோயுள்ள, சிறுநீரகம் நல்ல, கிளினிக்குக்குக் கிட்ட இருக்கும் நாற்பது வயதுக்காரருக்குச் சொட்டலோலை நான் எதிர்க்கமாட்டேன். அமியோடரோனைப் பல வருடங்கள் ஒருவரில் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் எனக்கில்லை. மாமாவுக்கு இப்போதுதான் இரண்டு வருடம்.

போன சூடடிப்புக் காலத்தில் அவருக்கு வறட்டு இருமல் வந்தது. “தூசி தம்பி, வேறொண்டுமில்லை” என்றார். அமியோடரோன் நுரையீரலைத் தாக்கும்போதும் இருமல் இப்படித்தான் தொடங்கும். மருந்து தொடங்க முன் எடுத்து வைத்த நெஞ்சு எக்ஸ்ரேயைப் புதியதோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நெல் வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் இருமலும் நின்றது.