நிகழ்வெண் பட்டியலா, நிகழ்வுச் செவ்வகமா?

மேலூர்ப் பக்கம் ஒரு வகுப்பில் 40 பேரின் கணக்கு மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். 0–20: 4 பேர், 20–40: 14, 40–60: 5, 60–80: 13, 80–100: 4. எண்ணிக்கை துல்லியமாக வேண்டுமா? பட்டியலே போதும். நடுமதிப்புகளை வைத்து சராசரி போட்டால் 49.5 வரும். சரி, சுமாரான வகுப்பு என்று தோன்றும்.

அதையே பிரிவுக்கு ஒரு செவ்வகமாக ஒட்டி வரைந்தால் நடுவில் பள்ளம், இருபுறமும் மேடு. சராசரி விழுந்த இடத்தில் 5 பேர்தான்! இது இரண்டு வகுப்பு ஒட்டிய மாதிரி. வடிவத்துக்கு என் ஓட்டு படத்துக்கே.

ஆனால் 40–80 என்று சேர்த்து, 18 உயரத்தில் வரைந்தால் படம் பொய் சொல்லும்; எண்ணிக்கையைக் காட்டுவது செவ்வகத்தின் பரப்பு, அகலம் இரட்டித்ததால் உயரம் 9தான். 35-ஓ அதற்கு மேலோ எடுத்துத் தேறியவர் எத்தனை பேர்? 35 என்பது 20–40 பிரிவின் நடுவே விழுவதால் இரண்டுமே சொல்லாது.