"நார்மல்" என்று அறிக்கை தந்தார்கள். எங்கள் குடும்ப நோயைச் சோதிக்கவே இல்லை

ஐ.வி.எஃப் சிகிச்சையின்போது கருவுக்கு மரபணுச் சோதனை செய்துகொள்ள முடிவெடுத்திருக்கும் தம்பதியருக்காக, அதிலும் குறிப்பாக, குடும்பத்தில் ஒரு பரம்பரை நோய் இருப்பதாலேயே அந்தச் சோதனையை நாடுவோருக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் கேட்டது ஒரு சோதனை, மருத்துவமனை செய்து கொடுத்தது வேறொரு சோதனை. இரண்டையும் அவர்கள் "ஜெனடிக் டெஸ்ட்" என்ற ஒரே பெயரால் குறிப்பிட்டதால், ஒரு கரு கருப்பையில் வைக்கப்பட்ட பிறகுதான் உண்மை எங்களுக்குத் தெரியவந்தது.

எங்கள் மகனுக்கு பீட்டா தலசீமியா மேஜர். சில வாரங்களுக்கு ஒருமுறை அவனுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்தும் கொடுக்க வேண்டும். என் கணவரும் நானும் இந்நோயின் கேரியர்கள். அதாவது, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் எச்.பி.பி. என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று எங்கள் ஒவ்வொருவரிடமும் பழுதுபட்டிருக்கிறது. பழுதில்லாத மற்றொரு பிரதி இருப்பதால் நாங்கள் நலமாக இருக்கிறோம். எங்களுக்கு உருவாகும் ஒவ்வொரு கருவும் இரண்டு பழுதுகளையும் பெற்று நோயுறுவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எங்களைப் போலவே கேரியராக இருப்பதற்குப் பாதி வாய்ப்பு. எந்தப் பழுதும் இல்லாமலிருக்க மீதிக் கால் பங்கு. குழந்தைப்பேற்றில் எங்களுக்குத் தடை எதுவும் இருந்ததில்லை. இந்த ஒரு நோய்க்காக மட்டுமே நாங்கள் ஐ.வி.எஃப் சிகிச்சைக்குச் சென்றோம். முதல் ஆலோசனையிலேயே இதைத் தெளிவாகச் சொன்னோம். மகனின் மரபணு அறிக்கையின் நகலையும் கொடுத்தோம். அது எங்கள் கோப்பில் இன்றும் இருக்கிறது.

சிகிச்சை குறையின்றி நடந்தது. ஐந்து கருக்கள் பிளாஸ்டோசிஸ்ட் நிலைவரை வளர்ந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் சில செல்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கருக்களை உறைய வைத்தார்கள். வந்த அறிக்கையில் மூன்று கருக்களுக்கு "நார்மல்" என்றும் இரண்டுக்கு "அப்நார்மல்" என்றும் இருந்தது. "மூன்று நல்ல கரு கிடைத்திருக்கிறது, இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை" என்றார் மருத்துவர். மகனுக்கு இருப்பது வராது அல்லவா என்று என் கணவர் நேரடியாகக் கேட்டபோது, "அதற்குத்தானே டெஸ்ட் செய்தோம்" என்ற பதிலே கிடைத்தது.

அந்த அறிக்கை உண்மையில் பி.ஜி.டி-ஏ எனப்படும் சோதனையின் அறிக்கை. அது குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில், நூற்றுக்கும் மேற்பட்ட செல்களைக் கொண்ட கருவின் வெளிப்படலத்திலிருந்து, பின்னாளில் நஞ்சுக்கொடியாக மாறவிருக்கும் பகுதியிலிருந்து, ஐந்து முதல் பத்து செல்களை எடுக்கிறார்கள். அவற்றின் டி.என்.ஏ.வைப் பலமடங்கு பெருக்கி, ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதிகள் இருக்கிறதா, ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கிறதா என்று கணக்கிடுகிறார்கள். அறிக்கையில் 1 முதல் 22 வரையும், எக்ஸ், ஒய் என்றும் வரிசையாகப் பிரிக்கப்பட்ட ஒரு வரைபடம் இருக்கும். புள்ளிகள் இரண்டு என்ற கோட்டை ஒட்டிப் படிந்திருந்தால் அந்தக் கரு "யூப்ளாய்டு", அதாவது எண்ணிக்கை சரியாக உள்ள கரு. எங்களுடைய "அப்நார்மல்" கருக்களில் ஒன்றில் 16ஆம் குரோமோசோம் மூன்று பிரதிகள் இருந்ததை அந்த வரைபடம் துல்லியமாகவே காட்டியிருந்தது. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் தொடக்கத்திலேயே கலைந்துவிடும். அந்த வேலையைப் பொறுத்தவரை சோதனையில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் எங்கள் நோய் எண்ணிக்கைப் பிழை அல்ல. எச்.பி.பி. மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோமின் நீளம் ஏறத்தாழ 13.5 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மரபணுவின் நீளம் ஏறத்தாழ 1,600 எழுத்துகள். என் கணவரிடமும் என்னிடமும் உள்ள பழுதுகளோ அதற்குள் தலா ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவை. பி.ஜி.டி-ஏ சோதனையில் ஒரு குரோமோசோமின் துண்டு கூடியிருப்பதோ குறைந்திருப்பதோ தெரிய வேண்டுமானால், அத்துண்டு பொதுவாகச் சில பத்து லட்சம் எழுத்துகள் நீளமாவது இருக்க வேண்டும். தலசீமியா மேஜர் உள்ள என் மகனின் செல்களை அதே சோதனைக்கு அனுப்பியிருந்தாலும் "நார்மல்" என்றுதான் வந்திருக்கும். ஆகவே அந்த மூன்று கருக்களுக்கும் நோய்வாய்ப்பு சோதனைக்கு முன்பு எவ்வளவோ, பின்பும் அவ்வளவே. மூன்றில் ஒன்றேனும் நோயுற்றதாக இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 58 சதவீதம் வருகிறது. "கவலைப்பட ஒன்றுமில்லை" என்று எங்களிடம் சொல்லப்பட்டது இந்த நிலையில்தான்.

முதல் கருவை வைத்தார்கள், அது ஒட்டவில்லை. (எண்ணிக்கை சரியாக இருக்கும் கருவும் ஒட்டாமல் போவது சாதாரணமாக நடப்பதுதான். இதையும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.) அடுத்ததை வைப்பதற்கு முன் வேறொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கச் சென்றோம். அங்கிருந்த மரபணு ஆலோசகர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் மகனின் இரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு எப்போது அனுப்பினீர்கள் அம்மா?" என்று கேட்டார். அனுப்பவில்லை என்றேன். உங்கள் இருவரின் இரத்தம்? அதையும் யாரும் கேட்கவில்லை. "அப்படியானால் தலசீமியாவுக்குச் சோதனையே நடக்கவில்லை" என்றார் அவர். அறிக்கை முழுவதிலும் தேடிப் பார்த்தோம். எச்.பி.பி. என்ற பெயரோ தலசீமியா என்ற சொல்லோ ஓரிடத்திலும் இல்லை.

எங்களுக்குத் தேவைப்பட்டது பி.ஜி.டி-எம் என்னும் சோதனை, அதாவது குறிப்பிட்ட ஒற்றை மரபணு நோயைத் தேடும் சோதனை. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கருவிலேயே பரம்பரை நோயைத் தவிர்க்கும் முயற்சி 1990 முதல் வெற்றிகரமாக நடந்துவருகிறது. பழைய அறிக்கைகளில் எண்ணிக்கைச் சோதனை பி.ஜி.எஸ் என்றும் நோய்ச் சோதனை பின்னொட்டு எதுவுமின்றி வெறும் பி.ஜி.டி என்றும் இருக்கும். சில இடங்களில் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். இச்சோதனை கருக்கள் உருவாவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தம்பதியர் இருவரிடமும் உள்ள பழுது எது என்று எழுத்தளவில் தெரிந்திருக்க வேண்டும். இருவரின் இரத்தத்தோடு, நோயுள்ள குழந்தையின் இரத்தமும் வேண்டும். குழந்தை இல்லையென்றால் தம்பதியரின் பெற்றோரிடமிருந்து பெறுவார்கள். பழுதான பிரதி ஒவ்வொருவரிடமும் அதன் அருகிலுள்ள எந்த டி.என்.ஏ. அடையாளக் குறிகளோடு சேர்ந்து பயணிக்கிறது என்பதை இவற்றைக் கொண்டு ஆய்வகம் வரைந்துகொள்கிறது. இதற்கே பல வாரங்கள் ஆகும்.

அடையாளக் குறிகள் ஏன் தேவை, பழுதை மட்டும் நேராகப் பார்த்தால் போதாதா என்று நானும் கேட்டேன். சில செல்களே இருப்பதால், டி.என்.ஏ.வைப் பெருக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று பெருகாமல் விடுபட்டுப்போவதுண்டு. என் பழுதையும் கணவரின் பழுதையும் ஒருசேரப் பெற்ற ஒரு கருவில், கணவரிடமிருந்து வந்த பிரதி விடுபட்டால், என் பழுது மட்டுமே கண்ணில் படும். நோயுற்ற கரு கேரியர் என்று தவறாகக் கணிக்கப்படக்கூடும். மரபணுவின் இருபுறமும் உள்ள பல குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் அப்படி ஒன்று விடுபட்டது தெரிந்துவிடும். தெரியும்போது நல்ல ஆய்வகம் ஊகிக்காது, "முடிவு கூற இயலவில்லை" என்றே எழுதும். அப்படி ஒரு வரி அறிக்கையில் வருவதை ஏமாற்றமாகக் கருத வேண்டியதில்லை.

மீதமிருந்த இரண்டு கருக்களையும் உறைநிலையிலிருந்து எடுத்து, மறுபடி செல் எடுத்து, மறுபடி உறைய வைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை இவ்வாறு செய்வது கரு ஒட்டும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்பதை எழுத்தில் கொடுத்து, அதன்பின்பே ஒப்புதல் வாங்கினார்கள். முடிவு வந்தது: ஒரு கரு எங்களைப் போன்ற கேரியர். மற்றொன்றில் இருவருடைய பழுதும் இருந்தது. முதல் மருத்துவமனையில் உறைய வைத்த கருக்களின் பட்டியலில் அடுத்து வைக்கப்படவிருந்தது இந்த இரண்டாவது கருதான். முதலில் வைத்த கருவின் நிலை என்னவென்று இனி அறிய வழியில்லை.

முதல் மருத்துவமனையிடம் எழுத்தில் விளக்கம் கேட்டோம். நாங்கள் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தில் "இச்சோதனை ஒற்றை மரபணு நோய்களைக் கண்டறியாது" என்று அச்சிடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டிப் பதில் அனுப்பினார்கள். வரி இருப்பது உண்மை. செல் எடுக்கும் நாளன்று காலையில் நீட்டப்பட்ட பல பக்கப் படிவத்தின் இடையில் அது இருக்கிறது. ஆனால் தலசீமியாவைத் தவிர்ப்பதற்காகவே வந்தவர்கள் என்று தம் கோப்பிலேயே எழுதி வைத்திருப்பவர்களிடம், அதைக் கண்டறியாத சோதனைக்கு எதற்காகக் கட்டணம் வாங்கினார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. படிவத்தின் பின்னால் ஒளிந்துகொள்வதை அறியாமை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதே காரணத்துக்காகச் செல்வோர், கருமுட்டையைத் தூண்டும் ஊசி தொடங்குவதற்கு முன்பே, எந்த மரபணு, எந்தெந்தப் பழுதுகள் சோதிக்கப்படும் என்று ஆய்வகத்தின் பெயரோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இருவரின் இரத்தத்தையும் குடும்பத்தில் மூன்றாவது ஒருவரின் இரத்தத்தையும் கேட்காமலே "டெஸ்ட் தயார்" என்றால் நிறுத்திக் கேளுங்கள். அறிக்கை வந்ததும் முதலில் நோயின் பெயரைத் தேடுங்கள். வரைபடமும் "யூப்ளாய்டு" என்ற சொல்லும் மட்டுமே இருந்தால் அது எண்ணிக்கைச் சோதனை. இரண்டு சோதனைகளையும் ஒரே முறை எடுத்த செல்களிலேயே செய்யலாம் என்பதால், இரண்டும் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் கருவை இருமுறை தொட வேண்டியதில்லை.

கேரியர் கருவை வைப்பதாக இப்போது முடிவு செய்திருக்கிறோம். அது ஒட்டினாலும், சோதனையில் சிறு பிழைவாய்ப்பு எஞ்சியிருப்பதால், 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15 வாரங்களுக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தோ உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று புதிய ஆய்வகம் தன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.