எஸ்.ஆர்.பி. டூல்ஸ் முதல் சோழிங்கநல்லூர் வரை: ஷேர் ஆட்டோவா, தனி ஆட்டோவா?

சென்னையில் ஷேர் ஆட்டோவையும் தனிச் சவாரியையும் ஒப்பிட, பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரை விட நல்ல சாலை கிடைக்காது. எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்பில் ஏறினால் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், மேட்டுக்குப்பம், காரப்பாக்கம் என்று நேராகப் போய் சோழிங்கநல்லூரில் இறங்கலாம். ஏறக்குறைய 9 கிலோமீட்டர். பயன்படுகிற மாதிரி குறுக்குவழி எதுவும் கிடையாது. மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த இடங்களில் சாலை இன்னும் குறுகியிருக்கிறது. அதனால் பத்து பேர் உட்கார்ந்த வண்டியும் ஒரே ஆள் போகிற ஆட்டோவும் அதே நெரிசலில், அதே வேகத்தில்தான் ஊர்ந்தாக வேண்டும். ஓடும் வேகம் ஒன்றே என்றாகிவிட்டதால், மற்ற வித்தியாசங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் பணம். 2013-இல் தமிழக அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இந்த 9 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 111 ரூபாய் வரும். அந்த விலைக்கு இன்று இந்தச் சாலையில் ஆட்டோ கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கூட்டமில்லாத நேரத்தில் ஆப்பில் 160 ரூபாய், ஷேர் ஆட்டோவில் ஒரு சீட்டுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்து விலை வேறாக இருந்தால் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

தனி ஆளுக்கு வித்தியாசம் 120 ரூபாய். மாதத்தில் 22 நாள் போய்வந்தால் ஷேர் ஆட்டோவுக்கு 1,760, தனி ஆட்டோவுக்கு 7,040. சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. ஆனால் மூன்று பேர் சேர்ந்து போனால் ஷேர் ஆட்டோவில் 120, தனி ஆட்டோவில் அதே 160. ஆளுக்குப் பதிமூன்று ரூபாய் கூடக் கொடுத்தால் வாசலிலிருந்து வாசல் வரை போய்விடலாம். மூன்று பேர் இருக்கும்போது ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பது வீண் வேலை. நான்காவது ஆள் சேர்ந்தால் கணக்கு மறுபடி திரும்பும். ஆட்டோவில் மூன்று பேருக்குத்தான் அனுமதி. இரண்டு ஆட்டோ அல்லது ஒரு கார் பிடிக்க வேண்டும் என்றால் ஷேர் ஆட்டோ மீண்டும் மலிவாகிவிடும்.

நேரத்தைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரமாகப் போகிறவர் தனி ஆட்டோவும் நிதானமாகப் போகிறவர் ஷேர் ஆட்டோவும் பிடிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இந்தச் சாலையில் பார்த்தால் அது ஏறக்குறைய தலைகீழ்.

ஷேர் ஆட்டோ எப்போது கிளம்பும் என்பதை முடிவு செய்வது கடிகாரம் இல்லை, நிரம்பும் சீட்டுகள்தான். ஸ்டாண்டில் நிற்கிற வண்டி கிட்டத்தட்ட நிரம்பினால்தான் நகரும். காலை எட்டரை மணிக்கு அது ஐந்து நிமிடத்துக்குள் நடந்துவிடும். மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஓட்டுநர் கீழே நின்று "சோழிங்கநல்லூர், சோழிங்கநல்லூர்" என்று கூவிக்கொண்டிருப்பார், கால் மணி நேரம் போய்விடும். வண்டி கிளம்புமா என்று கணிக்க, உள்ளே எத்தனை பேர் என்று பார்ப்பதோடு, பின்னால் இன்னொரு வண்டி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்னால் ஆள் இருந்தால் ஹாரன் அடித்து முன்வண்டியை நகர்த்துவார், சீட்டு காலியாக இருந்தாலும் அது கிளம்பும். தனியாக நிற்கிற வண்டிக்கு அந்த அழுத்தம் இல்லை.

கிளம்பிய பிறகும் ஏன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி தயங்கி நிற்கிறது என்பதற்கு ஓட்டுநரின் வருமானக் கணக்கைப் பார்க்க வேண்டும். சோழிங்கநல்லூர் வரை போகிறவர் ஒரு சீட்டுக்கு 40 ரூபாய் தருகிறார். அதே சீட்டில் ஒருவர் பெருங்குடி வரை 20, அங்கே ஏறுகிற இன்னொருவர் துரைப்பாக்கம் வரை 20, அப்புறம் ஏறுகிறவர் சோழிங்கநல்லூர் வரை 30 என்று கொடுத்தால் மொத்தம் 70 ஆகிறது. ஒரே சீட்டை மூன்று முறை விற்கிறார். முழுத் தூரம் போகிறவருக்குத் தொல்லையாக இருக்கிற ஒவ்வொரு நிறுத்தமும் அவருக்கு வருமானம். டீசலும் வண்டிக் கடன் தவணையும் அதிலிருந்துதான் வர வேண்டும். இதனால்தான் சோழிங்கநல்லூர் நெருங்கும்போது வண்டியில் இரண்டு பேர்தான் மிச்சம் என்றால், சில ஓட்டுநர்கள் முன்னால் போகிற வண்டியில் உங்களை ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஏறும்போதே "கடைசி வரைக்கும் போவீங்களாண்ணே?" என்று கேட்டுவிடுவதும், பணத்தை இறங்கும்போது கொடுப்பதும் இதற்காகத்தான்.

இப்போது இரண்டு நேரங்களை எடுத்துக்கொள்வோம். மதியம், சாலை காலி. ஆப்பில் போட்டால் ஆட்டோ நான்கு நிமிடத்தில் வரும், 25 நிமிடத்தில் போய்ச் சேரும், மொத்தம் அரை மணி நேரத்துக்குள். ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம் நிரம்பக் காத்திருந்து, நின்று நின்று 35 நிமிடம் ஓடினால் ஐம்பது நிமிடம். தனி ஆட்டோ தெளிவாக ஜெயிக்கிறது. காலை எட்டரை மணிக்கு நிலைமை வேறு. ஆப்பில் விலை 160-லிருந்து 220-க்கோ அதற்கு மேலோ ஏறியிருக்கும். புக் ஆன ஓட்டுநர் "எங்க டிராப் சார்?" என்று போன் செய்வார். சோழிங்கநல்லூர் என்றதும் ரத்து செய்வார், அடுத்தவரைத் தேடுவதில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போகும். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் தெற்கு நோக்கிப் போகிறது, திரும்பி வரும்போது சவாரி கிடைக்காமல் வெறும் வண்டியாக வர வேண்டும் என்ற பயம் அவருக்கு. அதற்குள் ஷேர் ஆட்டோ நிரம்பிக் கிளம்பியிருக்கும். நெரிசலில் இரண்டுக்குமே 45 நிமிடம். ஷேர் ஆட்டோ நிறுத்தங்களில் கூடுதலாக ஆறேழு நிமிடம் செலவழித்தாலும், காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போய்ச் சேரும். விலை வித்தியாசம் மட்டும் 120-லிருந்து 180 ஆகியிருக்கும்.

ஆகவே ஆபீஸுக்குத் தாமதமாகிவிடுமோ என்று பதறுகிற காலை வேளையில்தான் ஷேர் ஆட்டோ தனி ஆட்டோவுக்குச் சரியான போட்டி. அவசரமே இல்லாத மதியத்தில் அது பின்தங்கிவிடுகிறது.

ஆனால் காலை ஷேர் ஆட்டோவுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை ரூபாயில் சொல்ல முடியாது. இந்தத் தடத்தில் ஓடுகிறவற்றில் டாடா மேஜிக் வண்டிகள் நிறைய. ஓட்டுநரைத் தவிர ஏழு பேருக்கான வண்டி அது. நெரிசல் நேரத்தில் பத்து, பதினொரு பேர் உட்காருவது சாதாரணம். எதிரெதிர் பலகையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும், ஓட்டுநருக்கு இரு பக்கமும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநருக்கு வலது பக்கம் விளிம்பில் உட்காருவது எக்காரணத்துக்காகவும் வேண்டாம். ஒரு கால் வெளியே இருக்கும், அவர் ஸ்டியரிங்கைத் திருப்பவும் இடம் இருக்காது. அந்த இடம்தான் காலி என்றால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.

காப்பீட்டு விஷயத்தை இந்த வண்டிகளில் தினமும் போகிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அனுமதித்ததை விட அதிகம் பேர் ஏறிய வண்டி விபத்துக்குள்ளானால், எத்தனை பேருக்கு அனுமதியோ அத்தனை பேர் அளவுக்குத்தான் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பதினொரு பேர் போன வண்டியில் ஏழு பேருக்கான தொகையைத்தான் நிறுவனம் கட்டும். அதைப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் விகிதப்படி பகிர்ந்துவிட்டு, மீதியை வண்டி உரிமையாளரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கிறவரிடமிருந்து அந்தத் தொகையை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி இந்த ஷேர் ஆட்டோக்களில் பலவற்றுக்கு, வண்டியை மொத்தமாக வாடகைக்கு விடுவதற்கான ஒப்பந்த ஊர்தி அனுமதிதான் இருக்கும். வழியில் கண்ட இடத்தில் ஏற்றி இறக்குவது அந்த அனுமதிக்குள் வராது. மூன்று பேருக்குள் போகிற தனி ஆட்டோவில் இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை.

இறங்கும் இடம் இன்னொரு கணக்கு. ஓ.எம்.ஆர். நடுவே தடுப்பு உள்ள சாலை. தெற்கே போகும்போது கிழக்குப் பக்கத்துக் கட்டடங்கள் நம் பக்கம் இருக்கும். காரப்பாக்கத்தில் உங்கள் ஆபீஸ் கிழக்கே என்றால் ஷேர் ஆட்டோ வாசலிலேயே இறக்கிவிடும். மேற்கே என்றால் அது இந்தப் பக்கம்தான் விடும், சாலையைக் கடப்பது உங்கள் பாடு. தனி ஆட்டோ அடுத்த யூ டர்ன் வரை போய்த் திரும்பி வாசலில் விடும், அதற்கு நெரிசலில் பத்து நிமிடம் பிடிக்கலாம். வயதானவரோ பெட்டியோ கூட இருந்தால் அந்தப் பத்து நிமிடம் தகும். தனி ஆளாக, கைப்பையோடு போகிறவர் பக்கத்தில் நடை மேம்பாலம் இருந்தால் ஏறிக் கடந்துவிடலாம்.

இரவு பத்து மணிக்கு மேல் நான் ஷேர் ஆட்டோவைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆள் குறைய வண்டி நிரம்பாது, வழியில் இறங்கி இறங்கிக் கடைசியில் ஓட்டுநரும் நீங்களும் மட்டும் மிஞ்சலாம். தனி ஆட்டோவில் வண்டி எண்ணும் வழியும் வீட்டில் ஒருவருக்குத் தெரிய ஆப்பிலிருந்தே அனுப்பலாம். இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு கட்டணம் என்பது 2013 அரசாணையிலேயே இருக்கிறது, அதைக் கொடுப்பது நியாயம். பகலில் பெண்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அப்படி ஒரு பேருந்து கண்ணெதிரே வந்தால் 40 ரூபாயும் மிச்சம்.

சோழிங்கநல்லூர் சந்திப்பைத் தாண்டி உள்ளே போக வேண்டியவர்களுக்கு, அதாவது மேடவாக்கம் பக்கமோ அக்கரைப் பக்கமோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகிறவர்களுக்கு, இரண்டையும் சேர்ப்பதுதான் சரி. நேர்ச்சாலையில் ஷேர் ஆட்டோ, சந்திப்பிலிருந்து சின்ன ஆட்டோ. 40-உம் 60-உம் சேர்ந்து நூறு ரூபாய். காலையில் முழு வழிக்கும் தனி ஆட்டோ என்றால் 250-க்குக் குறையாது. சந்திப்பில் நிற்கிற ஆட்டோக்காரர் உள்ளூர் ஆள், உடனே ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதால் எந்தத் தெருவென்று பேரம் பேசாமல் வருவார். தொகையை மட்டும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.