அம்மாவின் பொட்டாசியமும் வராத ரிப்போர்ட்டும்

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது மற்ற வேலைகள் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அம்மாவின் ரத்தப் பரிசோதனை ஒன்று மட்டும் எங்களை அப்படியே உலுக்கிவிட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அம்மா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ரத்த அழுத்தத்துக்குப் பல வருடங்களாக டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அவ்வப்போது கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வந்திருக்கும்போதே அதை முடித்துவிடலாம் என்று, பக்கத்திலிருந்த கலெக்‌ஷன் சென்டரில் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. மற்ற எல்லாம் வரம்புக்குள். பொட்டாசியம் மட்டும் 5.6, தடித்த எழுத்தில். அந்த லேபின் வரம்பு 3.5 முதல் 5.1 வரை.

இந்த எண்தான் மோசமான எண். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் லேபிலிருந்தே அவசரமாகப் போன் வந்திருக்கும். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் டாக்டர் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார். 5.6 இரண்டிலும் சேராது. பொட்டாசியம் மிக அதிகமானால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகலாம். ஆனால் அது மெல்ல மெல்ல ஏறும்போது உடம்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மா சொன்னதை வைத்து யாரும் நிம்மதியடைய முடியவில்லை, அம்மா உட்பட.

டாக்டரிடம் அன்றைக்கே போனோம். நான் இருக்கும் நாட்டில் இதே எண்ணுக்கு மருத்துவரை நேரில் பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று இங்கே படிக்கிற பலருக்கும் தெரியும். ஊரில் ஒரு மணி நேரத்தில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஈசிஜி எடுத்தார். சரியாக இருந்தது. "ஈசிஜி நல்லா இருக்கு, சந்தோஷம். ஆனா அதை மட்டும் வெச்சு பொட்டாசியம் சரின்னு சொல்ல முடியாது. சிலருக்கு அதிகமா இருந்தும் ஈசிஜியில தெரியாது" என்றார். கிரியாட்டினின் சரியாக இருப்பதால் சிறுநீரகம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, ஆனால் டெல்மிசார்டன் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கக்கூடியது, எனவே இந்த எண் நிஜமாகவும் இருக்கலாம் என்று விளக்கினார். சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறீர்களா என்றும் கேட்டார். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அம்மா அதெல்லாம் தொடுவதில்லை. சரி, மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றுவதைப் பற்றி முடிவு செய்யலாம் என்று அனுப்பி வைத்தார்.

அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம் என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் அதே லேபின் சேவையைப் பதிவு செய்தேன். வந்த பையன் அவசரத்தில் இருந்தான். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று சொல்லிக்கொண்டே நரம்பைத் தேடினான். கிடைக்க நேரமானது. மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வலுவாக இழுத்து, எடுத்த ரத்தத்தை டியூபுக்குள் அழுத்திச் செலுத்தினான். சாயங்காலம் ரிப்போர்ட் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் வரவில்லை. ஆப்பில் "பெண்டிங்" என்று இருந்தது. இரவும் அதேதான். காலையிலும் அதேதான்.

அந்த இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய அம்மா, போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மணிக்கட்டில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணி ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதினார். அப்புறம் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து பொட்டாசியத்தை மட்டும் வரிசையாகக் குறித்தார்: 4.4, 4.6, 4.5. "இவ்வளவு வருஷமா அசையாத எண் எப்படிடா திடீர்னு ஏறும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு அவரே ஒரு கணக்குப் போட்டார். ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் உள்ளே வருகிற மாதிரிதான் பொதுவாக லேப்கள் வரம்பை வைக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நேரத்தில் செய்தால், நோயே இல்லாத ஒருவருக்கும் எல்லாமே வரம்புக்குள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 36தான். ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வருவதுதான் அதிக சாத்தியம். இதை எழுதி முடித்துவிட்டு, "ஆனா இது 5.2 வந்தவங்களுக்கு ஆறுதல். எனக்கு 5.6" என்று நோட்டை மூடினார். அப்போது எனக்கு வந்த கோபம் முழுவதும் அந்த லேபின் மேல்தான்.

காலையில் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தால் பாட்டு, காத்திருப்பு, மறுபடி பாட்டு. கடைசியில் பேசிய பெண், "சாம்பிள் ரிஜெக்ட் ஆயிருக்கு சார், ஹீமோலைஸ்டு" என்றார். ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். எப்போது? நேற்று மத்தியானமே. அப்படியானால் ஏன் யாரும் சொல்லவில்லை? அதற்கு அவரிடம் பதில் இல்லை. மத்தியானமே நிராகரித்த ரத்தத்துக்காக ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை விடிய விடிய நாடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளிநாட்டில் எனக்கும் ஒரு முறை இதே மாதிரி ரத்தம் கெட்டுப்போனது. அங்கே சாம்பிள் சரியில்லை, மறுபடி கொடுக்கவும் என்று ஒரு வரி உடனே வந்துவிட்டது. ஊரில் திறமையான டாக்டர் இருக்கிறார், நல்ல மெஷின் இருக்கிறது. நோயாளிக்குப் போக வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

நேராக அவர்களுடைய மெயின் லேபுக்கே அம்மாவை அழைத்துப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஆனால் உள்ளேயிருந்து வந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர் எங்களை உட்கார வைத்து, ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே எங்களுக்குப் புதிது: "முதல் ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீங்கம்மா?" காலை ஏழரை. அவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, அது லேபுக்கு வந்து சேர்ந்தது மாலை ஆறு மணிக்கு மேல் என்றார். அதுவரை கலெக்‌ஷன் சென்டரில் பிரிக்காமல் ஐஸ் பெட்டியில் இருந்திருக்கிறது.

அதன் பிறகு அவர் சொன்னது இதுதான். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே சீரம் எனப்படும் தெளிந்த நீரில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல். அணுவின் சுவரில் உள்ள பம்ப் ஓயாமல் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் வெளியே 4 சொச்சம் இருக்கிறது. குளிரில் அந்தப் பம்ப் மந்தமாகிவிடும், பொட்டாசியம் கசிந்து வெளியே வரும். அதனால் இந்தப் பரிசோதனைக்கான டியூபை, ரத்தம் உறைவதற்கு அரை மணி நேரம் விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மெஷினில் சுற்றி சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் ஐஸில் வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், பொட்டாசியத்துக்கு அது நேர் எதிர்.

"அப்ப ரெண்டாவது ரத்தத்தைக் கண்டுபிடிச்ச மெஷின் முதல் ரத்தத்தை ஏன் கண்டுபிடிக்கலை?" என்று அம்மா கேட்டார். டீச்சர் கேள்விதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் எடுத்தபோது அணுக்களே உடைந்துவிட்டன. உடைந்தால் ஹீமோகுளோபின் கலந்து சீரம் இளஞ்சிவப்பாகும், மெஷின் அந்த நிறத்தைப் பார்த்து நிராகரித்துவிடும். முதல் ரத்தத்தில் அணுக்கள் உடையவில்லை, கசிய மட்டும்தான் செய்தன. சீரம் தெளிவாகவே இருந்திருக்கும். எடுத்த நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தவிர அது தெரியாது. கையை மூடித் திறப்பதும் தப்புதான் என்றார். தசை வேலை செய்யும்போது பொட்டாசியத்தை வெளிவிடும், பட்டை கட்டியிருப்பதால் அது அதே கையில் தேங்கும், அதுவே எண்ணை ஒன்று வரைகூட ஏற்றிக் காட்டலாம்.

அவர் இன்னொன்றையும் சரிபார்த்தார். ஊதா மூடி டியூபில் இருக்கும் ஈடிடிஏ உப்பில் பொட்டாசியம் உண்டு. அந்த டியூபில் முதலில் ரத்தம் ஊற்றி, பிறகு மற்ற டியூபைத் தொட்டால் அது கலந்துவிடும். அப்படிக் கலந்திருந்தால் பொட்டாசியம் ஏறுவதோடு கால்சியமும் விழுந்திருக்கும். அம்மாவின் கால்சியம் சரியாக இருந்ததால் அது காரணமில்லை என்று ஒதுக்கினார். ஆனால், "இதெல்லாம் சொன்னதால உங்களுக்குப் பொட்டாசியம் சரின்னு அர்த்தம் இல்லைம்மா. மாத்திரை சாப்பிடுறீங்க. இங்கேயே எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவரே எடுத்தார். அம்மாவைச் சற்று நேரம் சும்மா உட்காரச் சொன்னார். கையைத் தளர்த்தி வைக்கச் சொல்லி, பட்டையைக் கட்டி நரம்பைப் பார்த்து, ஊசி போய் ரத்தம் வரத் தொடங்கியதும் பட்டையை அவிழ்த்துவிட்டார். சிரிஞ்ச் இல்லை, வேக்கம் டியூபிலேயே ரத்தம் தானாக வந்து நிறைந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். முந்தைய இரவுக்கும் இதற்கும் வித்தியாசம், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

4.5.

டாக்டர் டெல்மிசார்டனை மாற்றவில்லை. அதே அளவில் தொடரச் சொல்லி, சில வாரம் கழித்து இதே மெயின் லேபில் கொடுத்து ஒரு முறை பார்க்கச் சொன்னார். முதல் எண்ணை நம்பியிருந்தால் பல வருடங்களாக ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்த மாத்திரை காரணமே இல்லாமல் நின்றிருக்கும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அம்மாவின் நோட்டில் 5.6க்கு எதிரே எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம் இரண்டும் இப்போது எழுதப்பட்டிருக்கின்றன. நிராகரித்ததைச் சொல்லாமல் விட்டது பற்றி நான் எழுதிக் கொடுத்த புகாருக்கு மட்டும் அந்த லேபிலிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. திரும்பி வந்த பிறகும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.