ஒரு தெருவில் 20 வீடா, 8 வீடா?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மண்டலங்களில் எத்தனை சதவீத வீடுகளுக்குள் குடிநீர்க் குழாய் இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தைத் திறந்தால் 384 வீடு போதும் என்கிறது. 95% நம்பகம், கூடக் குறைய 5 புள்ளி பிழை, பாதிக்குப் பாதி என்ற அனுமானம், அவ்வளவுதான். ஆனால் அந்த 384, மூன்று மண்டலங்களின் எல்லா வீடுகளையும் ஒரே பட்டியலில் எழுதி, குலுக்கல் முறையில் எடுத்தால் மட்டுமே பொருந்தும். அப்படி ஒரு பட்டியல் யாரிடமும் கைவசம் இருக்காது. அதனால் முதலில் சில வார்டுகள், அதற்குள் சில தெருக்கொத்துகள், அதற்குள் சில வீடுகள் என்று படிப்படியாக இறங்குகிறோம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு தெருவில் மெயின் பைப் போயிருந்தால் அநேகமாக எல்லா வீட்டிலும் குழாய் இருக்கும். அடுத்த தெரு லாரித் தண்ணீரை நம்பியிருந்தால் வாசலுக்கு வாசல் குடம்தான். முதல் நான்கு வீட்டில் கேட்டதுமே ஐந்தாவது வீட்டின் பதில் பாதி தெரிந்துவிடுகிறது. ஐந்தாவது பேட்டிக்கும் அதே நேரம் செலவாகிறது, கிடைக்கிற புதுத் தகவல் மட்டும் குறைவு. இந்த இழப்பை ஈடுகட்ட மாதிரியை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று சொல்லும் எண்தான் டிசைன் எஃபெக்ட்:

```
deff = 1 + (m − 1) × ρ
```

m என்பது ஒரு கொத்தில் எடுக்கும் வீடுகள். ρ என்பது ஒரே கொத்துக்குள் இருப்பவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு. ஒற்றுமையே இல்லையென்றால் 0, எல்லோரும் அச்சு அசல் ஒரே மாதிரி என்றால் 1.

குழாய்க் கேள்விக்கு ρ = 0.1 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தெருவுக்கு 20 வீடு என்றால் deff 2.9. 384 வீடு 1114 ஆகிறது, 56 தெருக்கொத்து தேவை. தெருவுக்கு 8 வீடு என்றால் deff 1.7. 653 வீடு போதும், ஆனால் 82 கொத்து. இதைக் கவனிக்காமல் 20 வீடு வீதம் 384 வீட்டோடு நிறுத்திவிட்டால், உண்மையில் அது 132 வீட்டின் மதிப்புதான். 5 புள்ளி என்று அறிக்கையில் எழுதிய பிழை 8.5 புள்ளியாக இருக்கும்.

வீடு குறைவாக இருப்பதால் 8 தான் மலிவு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒவ்வொரு கொத்திலும் முதலில் வீடு வீடாகப் பட்டியல் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு குழுவுக்கு ஒரு நாள், அப்புறம் நாளுக்கு 16 பேட்டி என்று வைத்தால், 20 வீட்டுத் திட்டத்துக்கு 126 நாள், 8 வீட்டுத் திட்டத்துக்கு 123 நாள். கிட்டத்தட்ட சமம்.

ஆனால் ρ நாம் நினைத்ததைவிடக் கூடி 0.2 ஆக இருந்தால், 20 வீட்டுத் திட்டம் 209 நாளுக்குத் தாவுகிறது, 8 வீட்டுத் திட்டம் 174 நாளில் நிற்கிறது. குழாய், சாக்கடை, குப்பை வண்டி மாதிரி தெருவோடு போகிற கேள்விகளுக்கு நான் சிறிய கொத்தையே எடுப்பேன். கேள்வி சர்க்கரை நோயைப் பற்றியது, ρ 0.02 தான் என்றால் கதை தலைகீழ்: 20 வீட்டுக்கு 61 நாள், 8 வீட்டுக்கு 83 நாள். தெரு மாறினாலும் சர்க்கரை அவ்வளவாக மாறாதபோது, இன்னொரு தெருவுக்குப் பட்டியல் எடுப்பது வீண் அலைச்சல்.

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இன்னொரு இடத்தில். பழைய சர்வேயிலிருந்து deff-ஐ அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தடுப்பூசி சர்வே முறையில் 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை, deff 2 என்று வைத்தார்கள். அந்த 2 எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் 7 பேருக்கு 2 என்றால் ρ சுமார் 0.167. அதே ρ-வோடு 20 வீடு எடுத்தால் deff 4.2 ஆகிறது. பழைய சர்வேயிலிருந்து எடுத்து வர வேண்டியது ρ. deff-ஐ நம் m-க்கு நாமே புதிதாகக் கணக்கிட வேண்டும்.

வார்டு என்ற மேல்படிக்கும் இதே பாடு. ஒரே வார்டில் பத்து கொத்து எடுத்தால், அந்த வார்டுக்கே உரிய ஒற்றுமையும் சேர்ந்து கூடும். அதனால் வார்டுக்கு ஒன்றிரண்டு கொத்து என்று பரப்புவது நல்லது.

சரி, 8 வீடு என்று முடிவானது. களத்தில் வேலை செய்பவர் முதல் வீட்டைத் தட்டிவிட்டு, பக்கத்துப் பக்கத்து ஏழு வீட்டில் முடித்துவிட்டால் ρ தாளில் எழுதியதைவிடக் கூடிவிடும். கொத்தில் 120 வீடு இருந்தால் 1 முதல் 15-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பதினைந்தாவது வீடாகப் போகச் சொல்லுங்கள். பட்டியலில் அந்த வரிசை எண்களைக் காலையிலேயே வட்டமிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.